அயல்மொழி மருத்துவச் சீட்டும் பள்ளிக்கு எழுதும் கடிதமும்

நம் மாவட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி சென்னை இராஜ்யத்தோடு இணைந்தது. எல்லைக்கு அப்பால் உள்ள உறவுகள் அதனால் அற்றுப்போகவில்லை. பாலராமபுரத்து நெசவாளர்களிடையே நம்மவரின் உறவினர் பலர் உள்ளனர். அங்குச் சென்ற இடத்தில் பிள்ளைக்கு நோய் கண்டால் மருத்துவர் தரும் சீட்டு மலையாளத்தில் அமைவதும் உண்டு. அதைப் புகைப்படமாக ஊருக்கு அனுப்பி, தமிழாக்கி, தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதும் முறையை ஓர் உதாரணத்தால் காண்போம்.

வடசேரி நெசவாளி ஒருவரின் மகள், ஆறாம் வகுப்பு மாணவி, தாயாருடன் திருமணத்துக்குப் பாலராமபுரம் சென்றாள் என்று கொள்வோம். 9-6-2025 திங்கட்கிழமை மருத்துவர் சீட்டு எழுதினார். தாயார் அதைக் கைப்பேசியில் படமெடுத்துத் தந்தைக்கு அனுப்பினார். முதற்படத்தில் மேலோரம் விடுபட்டு, தேதியே இல்லை. தேதியில்லாச் சீட்டைக் கொண்டு விடுப்பைக் கணக்கிட இயலாது. ஆகவே தாளைச் சமதளத்தில் விரித்து, நான்கு மூலைகளும் முத்திரையும் தெரியுமாறு, கைநிழல் விழாமல் மீண்டும் எடுக்கச் சொன்னார் தந்தை.

சீட்டின் வாசகத்தை நம் எழுத்தில் எழுதினால் இவ்வாறு இருக்கும்:

"குட்டிக்கு ரண்டு திவசமாயி பனி. வேரிசெல்லா. பத்து திவசம் அவதி வேணம். பேதமாயால் ஸ்கூளில் போகாம்."

ஒலி நமக்குப் பழகியது. அபாயமும் அதிலேயே இருக்கிறது. தமிழில் திவசம் என்றால் இறந்தார்க்குச் செய்யும் சடங்கு. மலையாளத்தில் அது வெறும் நாள். நமக்கு அவதி துன்பம், அங்கே விடுமுறை. நமக்குப் பனி மார்கழிக் குளிர், அங்கே காய்ச்சல். 'பேதம்' என்பதை வயிற்றுப்போக்கு என்று கொள்வாரும் உண்டு. அதன் பொருளோ குணம். விளவங்கோடு, கல்குளம் பகுதியினர் இவற்றை எளிதில் அறிவர். ஆனால் கடிதத்தைப் படிக்கும் ஆசிரியர் திருநெல்வேலியிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். ஆதலால் சொல்லை அப்படியே எடுத்து வைக்காமல், பொருளைத் தமிழில் சொல்ல வேண்டும்: "குழந்தைக்கு இரண்டு நாட்களாகக் காய்ச்சல். சின்னம்மை. பத்து நாள் விடுமுறை தேவை. குணமானால் பள்ளிக்குச் செல்லலாம்."

இங்கே மருத்துவர் நோயின் பெயரை மட்டும் மருத்துவ மொழியில் எழுதியுள்ளார். வேரிசெல்லா என்பது சின்னம்மை. வேரியோலா என்பதோ பெரியம்மை; அது உலகில் ஒழிந்துவிட்டதென 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் பள்ளி முழுவதும் கலக்கமுறும். தெளிவற்ற சொல்லை ஊகித்து நிரப்பாமல், சீட்டு எழுதிய இடத்திலேயே கேட்டறிவது நலம்.

நோயின் பெயரை மறைத்து "உடல்நலக் குறைவு" என்று மட்டும் எழுதுவதும் இவ்விடத்தில் தகாது. கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன்பிருந்தே சின்னம்மை தொற்றும்; எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை அது நீடிக்கும். சிறுமியோடு அமர்ந்திருந்த பிள்ளைகளை ஆசிரியர் கவனிக்க வேண்டுமாயின் நோய் இன்னதென்று அவருக்குத் தெரிய வேண்டும். மருந்துகளின் பெயர்கள் அவருக்கு வேண்டுவதில்லை, அவற்றை விட்டுவிடலாம்.

அடுத்து நாட்கணக்கு. ஒன்பதோடு பத்தைக் கூட்டிப் பத்தொன்பது வரை விடுப்பு என எழுதுவது வழக்கமான பிழை. சீட்டு எழுதிய நாளையும் சேர்த்து எண்ணினால், பத்து நாள் 18-ஆம் தேதியோடு முடிகிறது. 19-ஆம் தேதி பள்ளி நாள். அன்றும் ஒரு கொப்புளம் உலராதிருப்பின் பிள்ளையை அனுப்பலாகாது. சீட்டு "குணமானால்" என்றே நிபந்தனை விதித்திருக்கிறது.

இவற்றைக் கொண்டு தந்தை எழுதிய கடிதம்:

"வடசேரி, 10-6-2025.

கனம் தலைமையாசிரியர் அவர்கள் சமூகத்திற்கு,

வணக்கம். தங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு 'அ' பிரிவில் பயிலும் என் மகள், உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் பாலராமபுரம் சென்றிருந்தபோது சின்னம்மை கண்டு அங்கேயே தங்கியிருக்கிறாள். மருத்துவர் 9-6-2025 முதல் 18-6-2025 வரை பத்து நாள் விடுமுறை தேவை என எழுதியுள்ளார். இந்நாட்களுக்கு விடுப்பு அளிக்குமாறு வேண்டுகிறேன். கொப்புளங்கள் யாவும் உலர்ந்ததை மருத்துவரிடம் காட்டிய பின்னரே அனுப்புவேன். தாமதமானால் முன்கூட்டித் தெரிவிப்பேன். சென்ற வாரம் அவளருகில் அமர்ந்திருந்த பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டுகிறேன். மலையாளச் சீட்டின் நகலும், நான் செய்த தமிழாக்கமும் இணைத்துள்ளேன். மூலச்சீட்டை அவள் திரும்பும்போது கொடுத்தனுப்புவேன்.

தங்கள் உண்மையுள்ள,
(தந்தையின் கையொப்பம்)"

தமிழாக்கத்தைத் தாமே செய்ததாகத் தந்தை குறிப்பிட்டிருப்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். மொழிபெயர்ப்பு மருத்துவச் சான்று ஆகாது, சான்று மூலச்சீட்டே. மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்திருப்பினும், நகல் உடனிருந்தால் மலையாளம் அறிந்த எவரும் ஒப்பிட்டுத் திருத்தலாம். மருத்துவர் எழுதாத ஒன்றை அவர் பெயரால் சேர்த்திருந்தால், உண்மையான நோயும் பொய்யெனத் தோன்றிவிடும்.