அறிவிப்பு எழுதுதல்: பூங்காவில் ஒரு யோகா வகுப்பு

நுழையும்முன்

அறிவிப்பு என்பது பலரும் படித்துச் செயற்படுவதற்காகப் பொது இடத்தில் வைக்கப்படும் எழுத்து. கடிதத்தில் ஐயம் எழுந்தால் எழுதியவரை மீண்டும் கேட்கலாம். அறிவிப்புப் பலகையின் முன் நிற்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை; அதில் உள்ள சொற்களை மட்டுமே நம்பி அவர் செயற்படுவார். ஆகவே, அறிவிப்பில் விடுபடும் ஒரு சொல்லும் தீங்கு விளைவிக்கக்கூடும். அத்தகைய ஓர் அறிவிப்பையும், அது திருத்தப்பட்ட முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

முதல் அறிவிப்பு

தில்லி ஆர்.கே. புரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்குள்ள குடியிருப்பு ஒன்றன் பூங்காவில், யோகா ஆசிரியை ஒருவர் தொடக்கநிலை வகுப்பு நடத்த முன்வந்தார். நவம்பர் முதல் சனவரி வரை தில்லியின் காலைப்பொழுது புகையும் பனிமூட்டமும் நிறைந்தது. திறந்தவெளியில் மூச்சுப்பயிற்சி செய்ய ஏற்றதன்று. மே மாதத்திலோ காலை ஏழு மணிக்கே வெயில் சுடத் தொடங்கிவிடும். எனவே அவர் மார்ச்சு மாதத்தைத் தேர்ந்தெடுத்தார். பூங்காவைப் பராமரிப்போரிடம் இசைவு பெற்றபின், இந்தியிலும் தமிழிலும் அறிவிப்பு எழுதி வாயிலில் ஒட்டினார். அதன் தமிழ் வடிவம் பின்வருமாறு:

யோகா வகுப்பு
மார்ச்சு 3 முதல் நமது பூங்காவில் காலையில் யோகா வகுப்பு நடைபெறும். தொடக்கநிலையினர் அனைவரும் வருக! வெறும் வயிற்றுடன் வரவும். கட்டணம் இல்லை.

படிப்பதற்கு இது குறையற்றதாகவே தோன்றும். ஆனால், முதல் நாள் நிகழ்ந்தவை வேறு.

முதல் நாள் காலை

‘காலையில்’ என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாகப் புரிந்துகொண்டனர். சிலர் ஐந்தரை மணிக்கே வந்து இருளில் காத்திருந்தனர். மார்ச்சுத் தொடக்கத்தில் தில்லியில் கதிரவன் எழ ஏறத்தாழ ஆறே முக்கால் ஆகும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. வேறு சிலர் ஏழரை மணிக்கு வந்தபோது வகுப்பு முடியும் நிலையில் இருந்தது. பூங்காவுக்கு மூன்று வாயில்கள். எந்த வாயிலின் அருகே வகுப்பு என்பதும் அறிவிப்பில் இல்லை.

வந்தவர்களுள் பலர் பருத்திப் போர்வையையே விரிப்பாகக் கொண்டுவந்தனர். புல்லின்மேல் இரவுப் பனி படிந்திருந்தது. சிறிது நேரத்தில் போர்வைகள் நனைந்து, படுத்துச் செய்யும் பயிற்சிகளை எவராலும் செய்ய இயலவில்லை.

கோலூன்றி வந்த மூதாட்டி ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப முற்பட்டார். ஆசிரியை அவரை அணுகிக் காரணம் கேட்டார்.

“எனக்கு முழங்கால் மடங்காது அம்மா. தரையில் உட்கார முடியாதவளுக்கு இங்கே என்ன வேலை?” என்றார் மூதாட்டி.

“கல்லிருக்கையில் அமர்ந்தே பாதிப் பயிற்சிகளைச் செய்யலாம் பாட்டி” என்றார் ஆசிரியை.

“அப்படியென்று எங்கும் எழுதவில்லையே” என்று கூறிய மூதாட்டி, மறுநாள் வருவதாகச் சொல்லி விடைபெற்றார். அவரைப் போல வாயிலிலேயே அறிவிப்பைப் படித்துவிட்டு வீடு திரும்பியோர் எத்தனை பேர் என்பதை ஆசிரியையால் அறிய இயலவில்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய இடர் ஒன்று ஏழு மணி அளவில் நேர்ந்தது. முன்வரிசையில் நின்ற பெரியவர் ஒருவரின் கைகள் நடுங்கத் தொடங்கின. குளிர்ந்த காலைப்பொழுதிலும் அவருடைய நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஆசிரியை கேட்ட வினாவுக்கு அவர் குழப்பத்துடன் தொடர்பற்ற விடை கூறினார். ஆசிரியை அவரை உடனே அமர வைத்து, “உங்களுக்கு நீரிழிவு உண்டா?” என்று கேட்டார். பெரியவர் தலையசைத்தார்.

அருகில் இருந்த தேநீர்க்கடையிலிருந்து சர்க்கரை வந்தது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து, நினைவுடன் இருந்த அவரை மெல்லப் பருகச் செய்தனர். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அதன்பின் வீட்டிலிருந்து சிற்றுண்டி வரவழைத்து உண்ணச் செய்தனர்.

“வெறும் வயிற்றுடன் வரச் சொல்லியிருந்தீர்களே அம்மா. அதனால் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்” என்றார் பெரியவர்.

பிழை எங்கே?

பெரியவர் அறிவிப்பை மீறவில்லை, அதன்படியே நடந்தார். முந்தைய இரவு எட்டு மணிக்கு உண்டவர், காலையில் மாத்திரை உட்கொண்டு, ஒன்றும் உண்ணாமல் உடற்பயிற்சி செய்தார். நீரிழிவுக்கான இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும். உடற்பயிற்சியும் அதைக் குறைக்கும். உணவும் இல்லையெனில் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்துவிடும். நடுக்கம், வியர்வை, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். கவனியாது விட்டால் நினைவிழக்கவும் நேரிடும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றுதல் கூடாது. அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அவ்வாறாயின், ‘வெறும் வயிற்றுடன் வரவும்’ என்னும் விதி தவறானதா? அன்று. முன்புறம் குனியும்போதும், குப்புறப் படுத்துப் புஜங்காசனம் செய்யும்போதும் வயிறு அழுந்துகிறது. நிறைய உண்டிருந்தால் உணவு மேலெழுந்து குமட்டலும் நெஞ்செரிச்சலும் உண்டாகும். முழு உணவுக்குப்பின் மூன்று மணி நேரமேனும் கழித்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது அதனால்தான். விதி சரியானதே. ஆனால், அவ்விதிக்கு உட்படாதவர் யார் என்பதை அறிவிப்பு கூறவில்லை. அனுபவம் உடையவர் தமக்குப் பொருந்தாத விதியை விலக்கிவிடுவார். புதியவரோ எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிப்பார். ‘தொடக்கநிலையினர் வருக’ என்று அழைத்த அறிவிப்பு, தொடக்கநிலையினருக்காக எழுதப்படவில்லை என்பதே அதன் குறை.

அடுத்த இரு வகுப்புகளை ஆசிரியை நிறுத்திவைத்தார். முதல் நாள் எழுந்த வினாக்களைத் தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடரில் விடை அமைத்தார். அவ்விடைகளே புதிய அறிவிப்பாயின.

திருத்திய அறிவிப்பு

தொடக்கநிலை யோகா வகுப்பு
(இதுவரை யோகா செய்யாதவர்களுக்கு)

நாள்: மார்ச்சு 10 முதல் 31 வரை, திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில்.
நேரம்: காலை 6.45 முதல் 7.30 வரை.
இடம்: கிழக்கு வாயிலின் உட்புறம், வேப்பமரத்தடி. மழை பெய்தால் அன்று வகுப்பு இல்லை.
பயிற்சிகள்: மூட்டுகளைத் தளர்த்துதல், நின்றும் அமர்ந்தும் படுத்தும் செய்யும் எளிய ஆசனங்கள், மூச்சுப்பயிற்சி, சவாசனம். தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் கற்பிக்கப்படமாட்டா.
கொண்டுவர வேண்டியவை: ஈரம் ஊறாத விரிப்பு, குடிநீர்.
தரையில் அமர இயலாதவர்களும் வரலாம். கல்லிருக்கையில் அமர்ந்து செய்யும் பயிற்சிகள் உண்டு.
உணவு: சிற்றுண்டியை வகுப்புக்குப்பின் உண்ணவும். வருமுன் நீர் பருகலாம். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் உண்ணாமல் வருதல் கூடாது. உணவு, மருந்து வேளைகளைத் தம் மருத்துவரிடம் கேட்டறிந்து வர வேண்டும்.
உடல்நிலை: இரத்த அழுத்தம், இதயநோய், முதுகெலும்புத் தொல்லை உடையோர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், கருவுற்றோர் ஆகியோர் மருத்துவரின் இசைவு பெற்று வர வேண்டும், வகுப்பு தொடங்குமுன் ஆசிரியையிடம் தனியே தெரிவிக்கவும்.
கட்டணம் இல்லை. ஐயங்களுக்கு: வகுப்பு முடிந்தபின் 8.00 மணிவரை ஆசிரியை வேப்பமரத்தடியில் இருப்பார்.

இவ்வறிவிப்பு முன்னதைவிட நீளமானது. ஆயினும், இதில் நீக்கத்தக்க தொடர் ஒன்றும் இல்லை. எடுத்துக்காட்டாக, இரத்த அழுத்தம் உடையோரைப் பற்றிய வரியைக் காண்போம். அவர்கள் வகுப்புக்கு வரக்கூடாது என்று அது கூறவில்லை. அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர் நெஞ்சைவிடத் தலை தாழ்ந்திருக்கும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். மூச்சை அடக்குதலும் கூடாது. ஆகவே, அனைவரும் முழுவதும் குனியும்போது அவர் சுவரில் கைகளை ஊன்றிப் பாதியளவு குனிந்தால் போதும். யாருக்கு எந்த மாற்றம் வேண்டும் என்பதை ஆசிரியை முன்னரே அறிவதற்காகவே ‘தெரிவிக்கவும்’ என்ற சொல் இடம்பெற்றது. பிறர் முன்னிலையில் நோயைக் கூறக் கூசுவோர் உண்டு. அதனால் ‘தனியே’ என்ற சொல்லும் சேர்ந்தது.

முடிவு நாளும் காரணத்தோடு அமைந்ததே. மார்ச்சு இறுதியில் கதிரவன் ஆறேகால் மணிக்கே எழுந்துவிடும். ஏப்பிரலில் வகுப்பை முன்னதாகத் தொடங்க வேண்டும். நாள் கடந்த அறிவிப்பு பலகையில் இருந்தால், புதியவர் பழைய நேரத்துக்கே வருவார்.

மார்ச்சு 10 அன்று கோலூன்றிய மூதாட்டி வந்து கல்லிருக்கையில் அமர்ந்தார். பெரியவர் தம் மருத்துவர் எழுதித் தந்த குறிப்பை ஆசிரியையிடம் காட்டிவிட்டு முன்வரிசையில் நின்றார். அவருடைய சட்டைப்பையில் சிறிய சர்க்கரைப் பொட்டலம் ஒன்று இருந்தது.

மொழியை அறிவோம்

அறிவிப்பில் வினைமுடிவு பொருளை மாற்றும்.
‘விரிப்புக் கொண்டுவர வேண்டும்’ – கட்டாயம்.
‘நீர் பருகலாம்’ – இசைவு, பருகாவிடினும் குற்றமில்லை.
‘உண்ணாமல் வருதல் கூடாது’ – தடை.
‘தரையில் அமர வேண்டியதில்லை’ – கட்டாயமின்மை. அமர விரும்புவோர் அமரலாம்.
இறுதி இரண்டையும் மயங்கி எழுதுதல் பெரும்பிழை. ‘தரையில் அமரக் கூடாது’ என எழுதினால், அமர இயன்றவரும் நின்றுகொண்டே இருப்பர்.

சொற்பொருள்

இசைவு – அனுமதி
இடர் – துன்பம்
ஐயம் – சந்தேகம்
கூசுதல் – வெட்கித் தயங்குதல்
மூதாட்டி – வயது முதிர்ந்த பெண்

பயிற்சி

1. முதல் அறிவிப்பில் உள்ள எந்தெந்தச் சொற்கள் குழப்பம் விளைவித்தன? காரணத்துடன் எழுதுக.

2. பெரியவருக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டதற்குரிய மூன்று காரணங்களைத் தொடர்ச்சியாக எழுதுக.

3. ‘வரலாம்’, ‘வர வேண்டும்’, ‘வரக் கூடாது’, ‘வர வேண்டியதில்லை’ ஆகியவற்றை இவ்வகுப்பைப் பற்றிய நான்கு தொடர்களில் அமைக்க.

4. இவ்வகுப்பு ஏப்பிரல் மாதத்திலும் தொடர்கிறது எனக் கொள்க. கதிரவன் எழும் நேரத்தைக் கருத்திற்கொண்டு புதிய அறிவிப்பு எழுதுக. எழுதியபின், யோகாவை முன்பின் அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் கேட்கும் முதல் வினாவைக் குறித்துக்கொள்க. அவ்வினாவுக்குரிய விடையை அறிவிப்பில் சேர்க்க.