மாத வாடகையா, சொந்தப் பொருளா?

மலேசியாவில் வாடகை வீட்டிற்குக் குடிபோகும்போது இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும், மின்சாரம் தண்ணீருக்கென அரை மாத வாடகையையும், அதனுடன் முதல் மாத வாடகையையும் கட்டுவது வழக்கம். வீட்டின் சாவி கைக்கு வரும்போது சேமிப்பு பெரும்பாலும் கரைந்திருக்கும். அந்த நேரத்தில், வீட்டுப் பொருள்களை மாத வாடகைக்குத் தரும் திட்டங்கள் கண்ணில் படுகின்றன.

ஜொகூர் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டை இரண்டு ஆண்டுகளுக்கு எடுத்த ஓர் இளந்தம்பதியரின் கணக்கை எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். குளிர்பதனப் பெட்டிக்கு மாதம் 75 ரிங்கிட், சலவை இயந்திரத்திற்கு 60 ரிங்கிட், மெத்தையுடன் கட்டிலுக்கு 55 ரிங்கிட் என மொத்தம் 190 ரிங்கிட் வாடகை கேட்கப்பட்டது. அதே பொருள்களைக் கடையில் வாங்க 4,500 ரிங்கிட் தேவைப்பட்டது.

190 சிறிய தொகையாகத்தான் தெரிகிறது. ஆனால், 24 மாதங்களில் அது 4,560 ரிங்கிட்டாகிவிடும். வாங்கும் விலையைத் தாண்டிய பிறகும் பொருள் நிறுவனத்துக்கே சொந்தம். வாங்கினாலோ, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவற்றை 1,500 ரிங்கிட்டுக்காவது விற்கலாம். இடையில் பழுதுபார்க்க 300 ரிங்கிட் செலவானாலும், உண்மைச் செலவு 3,300 ரிங்கிட்தான். மாதத்திற்குச் சுமார் 138 ரிங்கிட்.

வாடகையில் பழுதுபார்ப்பும் அடங்கும் என்பது உண்மையே. எனினும், புதிய பொருளை வாங்கினாலும் தொடக்கத்தில் தயாரிப்பாளரின் உத்தரவாதம் இருக்கும். ஆகவே, முதல் ஆண்டில் அந்தச் சலுகையால் பெரிய ஆதாயமில்லை.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒப்பந்தக் காலம். வீட்டு ஒப்பந்தம் 24 மாதம். பொருள்களின் ஒப்பந்தமோ 36 மாதம். இடையில் திருப்பிக் கொடுத்தால் எஞ்சிய வாடகையில் பாதியைக் கட்ட வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. எஞ்சிய 12 மாத வாடகை 2,280 ரிங்கிட். அதில் பாதி 1,140. அப்படியானால் மொத்தச் செலவு 5,700 ரிங்கிட்.

பத்து மாதம் மட்டுமே தங்குபவருக்கு இக்கணக்கு மாறும். அபராதமின்றித் திருப்பித்தர முடிந்தால் அவர் 1,900 ரிங்கிட்டுடன் தப்பிக்கலாம். வாங்கி 2,300 ரிங்கிட்டுக்கு விற்றாலும் அவருக்கு 2,200 ரிங்கிட் செலவாகியிருக்கும்.

தம்பதியரிடம் கையில் 3,200 ரிங்கிட்தான் இருந்தது. எனவே, குளிர்பதனப் பெட்டியையும் சலவை இயந்திரத்தையும் மட்டும் 3,100 ரிங்கிட்டுக்கு வாங்கினர். படுக்க, அக்காள் வீட்டிலிருந்த பழைய மெத்தையைக் கொண்டுவந்து தரையில் விரித்தனர். வாடகையாகக் கொடுத்திருக்க வேண்டிய 190 ரிங்கிட்டை மாதந்தோறும் எடுத்துவைத்தனர். எட்டாம் மாதம் கட்டிலும் புதிய மெத்தையும் வீட்டுக்கு வந்தன.