பிரெஞ்சுக் கூட்டிறந்தகாலமும் தமிழ் இலக்கண அறிவும்

ஊர்காவற்றுறையிலும் சூழவுள்ள தீவுகளிலும் பிறந்தோர் பலர் 1983ஆம் ஆண்டிற்குப் பின்னர்ப் பிரான்சு நாட்டிற் குடியேறினர். பாரிசு நகரின் லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகள் நிரையாக நிற்பதை அங்குச் சென்று வந்தோர் அறிவர். அவர்தம் பிள்ளைகள் பள்ளியினின்றும் கொண்டுவரும் வினைத்திரிபுப் பயிற்சித்தாள்களில் அடிக்கடி சிவப்பு மையாற் கோடு விழும் இடம் ஒன்றுண்டு. அதுவே பஸே கொம்போஸே எனப்படும் கூட்டிறந்தகாலம். தமிழ் இலக்கணம் சிறிது கற்ற பெற்றோர் ஒருவர் இதனைத் தம் பிள்ளைக்கு எங்ஙனம் விளக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இக்காலம் இருசொற்களால் ஆவது. முன்னது துணைவினை, பின்னது இறந்தகால எச்சம். துணைவினையாக வருவன இரண்டே. ஒன்று 'உடைத்தாதல்' எனப் பொருள்படும் அவுவார். மற்றையது 'இருத்தல்' எனப் பொருள்படும் எத்ர். நாம் 'வந்திருக்கிறாள்', 'எழுதியிருக்கிறாள்' என எல்லா வினைக்கும் 'இரு' என்னும் ஒன்றையே துணையாக்குகின்றோம். உடைமையைக் காட்டும் தனிவினை நம்மிடம் துணையாக வருவதில்லை. ஆதலின் வளர்ந்தபின் பிரெஞ்சு கற்கும் தமிழர் எத்ர் என்பதனை வேண்டாத இடத்தும் இடுவர். உண்மையிற் பெரும்பாலான வினைகள் அவுவாரையே கொள்வன. எத்ர் கொள்வன ஏறக்குறைய பதினைந்து வினைகளும், 'தன்னை' என்னும் பொருள்படும் சொல்லொடு வரும் தற்சுட்டு வினைகளுமே ஆம்.

அப்பதினைந்தனையும் பிரெஞ்சு ஆசிரியர் ஒரு வீட்டின் படமாக வரைந்து காட்டுவர். ஒருவன் வீட்டுக்கு வருகின்றான், நுழைகின்றான், படி ஏறுகின்றான், இறங்குகின்றான், விழுகின்றான், வெளியேறுகின்றான். ஓர் அறையிற் பிறப்பு, மற்றோர் அறையில் இறப்பு. படம் நன்று, ஆயினும் அதனைக் கண்ட பிள்ளை 'இயக்கத்தைக் குறிக்கும் வினையெல்லாம் எத்ர் கொள்ளும்' என்று முடிவு செய்துவிடும். அது பிழை. நடத்தல், ஓடுதல், நீந்துதல் ஆகியன அவுவாரையே கொள்ளும். ஏனெனில் அவை இயங்கும் விதத்தைச் சொல்வனவன்றி, ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்தை அடைந்த நிலைமாற்றத்தைச் சொல்வனவல்ல. இனி, 'தங்குதல்' எனப் பொருள்படும் ரெஸ்தே அசைவே இல்லாததாயினும் எத்ர் கொள்ளும். ஆகவே விதியை மட்டும் நம்பாது பட்டியலை மனனஞ் செய்தலே தக்கது.

துணைவினையைத் தெரிந்த பின்னரே எச்சத்தின் இயைபு பற்றிய வினா எழும். எச்சம் பெண்பாலைக் குறிக்கும்போது ஈ என்னும் எழுத்தும், பன்மையைக் குறிக்கும்போது எஸ் என்னும் எழுத்தும், பெண்பாற் பன்மையாயின் இரண்டும் இறுதியிற் சேரும். இவ்வெழுத்துகளை எப்பொழுது சேர்ப்பது என்பதே இடர்ப்பாடு.

எத்ர் துணையாக வந்தால் எச்சம் எழுவாயொடு இயையும். இதனை நம் வினையாலணையும் பெயரோடு ஒப்பிட்டு நோக்குக. 'வந்தவன், வந்தவள், வந்தவர்' எனச் செய்தவரின் பாலும் எண்ணும் அச்சொல்லின் ஈற்றில் தோன்றுகின்றன அல்லவா? 'அவள் வந்தவளாக இருக்கின்றாள்' என்பது போன்றதே பிரெஞ்சு அமைப்பும். அவுவார் துணையாக வந்தாலோ எச்சம் எழுவாயை நோக்குவதில்லை. 'அவன் எழுதி', 'அவள் எழுதி' என நம் வினையெச்சம் எவர்க்கும் திரியாது நிற்றல் போல அதுவும் திரியாது நிற்கும். ஒரேயொரு நிலையில் மட்டும் அது திரியும். செயப்படுபொருள் எச்சத்துக்கு முன்னே வந்துவிட்டால், அச்செயப்படுபொருளின் பாலையும் எண்ணையும் ஏற்கும்.

இதனை ஒரே வினையைக் கொண்டு காட்டுவோம். தெசாந்த்ர் என்னும் வினை நம் 'இறங்கு', 'இறக்கு' என்னும் இரண்டுக்கும் உரியது. நாம் தன்வினை பிறவினை வேற்றுமையை வினையின் உருவிலேயே காட்டுகின்றோம். பிரெஞ்சார் அதனைத் துணைவினையாற் காட்டுவர். குறிகட்டுவானிற் படகு வந்தடைந்தது எனக் கொண்டு, பயிற்சித்தாளில் நான்கு வரிகள் எழுதுவோம்.

முதல் வரி: 'ராணி படகினின்றும் இறங்கினாள்.' தன்வினை, ஆதலின் எத்ர். எழுவாய் பெண்பால் ஒருமை. ஆதலின் தெசாந்தூ என்னும் எச்சத்தின் ஈற்றில் ஈ சேரும்.

இரண்டாம் வரி: 'அவள் பெட்டிகளை இறக்கினாள்.' செயப்படுபொருள் உண்டு, ஆதலின் அவுவார். பிரெஞ்சுத் தொடரிற் 'பெட்டிகள்' என்னும் சொல் எச்சத்துக்குப் பின்னே வரும்; ஆதலின் எச்சத்தில் எதுவும் சேராது. ராணி பெண் என்பது இங்குப் பொருட்டன்று. பல பிள்ளைகள் இவ்விடத்தில் ஈ சேர்ப்பர். முதல் வரியின் பழக்கம் அவர்களை இழுத்துச் செல்லும்.

மூன்றாம் வரி: 'அவள் இறக்கிய பெட்டிகள்.' நாம் பெயரெச்சத்தாற் சொல்லும் இதனைப் பிரெஞ்சார் 'பெட்டிகள், எவற்றை அவள் இறக்கினாளோ' என்னும் ஒழுங்கில் அமைப்பர். செயப்படுபொருள் முன்னே வந்துவிட்டது. பெட்டியைக் குறிக்கும் வலீஸ் என்னும் சொல் பிரெஞ்சிற் பெண்பால், இங்குப் பன்மை. ஆதலின் ஈயும் எஸ்ஸும் சேரும். அஃறிணைப் பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு என்பதனைத் தமிழர் மறத்தல் ஆகாது. பெயரைக் கற்கும்போதே அதன் பாலையும் கற்றல் வேண்டும்.

நான்காம் வரி: 'அவற்றை அவள் திறந்தாள்.' 'அவற்றை' என்னும் சுட்டுச்சொல் பிரெஞ்சில் வினைக்கு முன்னரே நிற்கும். ஆதலின் மீண்டும் ஈயும் எஸ்ஸும் வரும். ஊவேர் என்னும் எச்சம் எழுத்தில் மாறுவதோடு ஒலியிலும் ஊவேர்த் ஆகும்.

இந்நான்காம் வரியில் ஒரு நன்மை உண்டு. முன் மூன்றிலும் இயைபு எழுத்தில் உள்ளதேயன்றி ஒலியில் இல்லை. தெசாந்தூ என்பதன் நான்கு வடிவங்களும் செவிக்கு ஒன்றே. பிரான்சிற் பிறந்து அம்மொழியைச் சரளமாகப் பேசும் பிள்ளையும் இங்குத் தவறுதற்குக் காரணம் இதுவே. அவ்வாறு ஐயம் தோன்றும்போது, மெய்யொலி தோன்றும் எச்சம் ஒன்றை அவ்விடத்தில் வைத்துப் பார்க்கலாம். 'வைத்தல்' என்னும் வினையின் மீ, மீஸ் என்பனவும், 'எழுதுதல்' என்னும் வினையின் எக்ரீ, எக்ரீத் என்பனவும் இதற்குதவும். 'நான் மூடிய கதவு' என்பதில் ஐயமெனின் 'நான் திறந்த கதவு' என மாற்றிச் சொல்லிப் பார்க்க. ஊவேர்த் எனச் செவி கேட்குமாயின் 'மூடிய' என்பதிலும் ஈ வேண்டும். எனினும் பேச்சில் இவ்வியைபைக் கைவிடுவோரும் உளராதலின், செவியைச் சான்றாகக் கொள்ளலாமேயன்றி நீதிபதியாகக் கொள்ளலாகாது.

தன்வினை பிறவினை என்னும் நம் அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. 'அவள் படி ஏறினாள்' என்பதில் நாம் தன்வினையே சொல்கின்றோம். பிரெஞ்சிலோ படியானது ஏறுதலின் நேர்ச் செயப்படுபொருள். ஆதலின் அங்கு அவுவாரே வரும். எனவே முடிவாக நோக்கத்தக்கது பிரெஞ்சுத் தொடரிற் செயப்படுபொருள் உண்டா என்பதே.

இனித் தற்சுட்டு வினைகளைக் காண்போம். இங்குத்தான் நன்கு கற்றோரும் இடறுவர். துணைவினை எத்ர், ஆனால் இயைபு அவுவாரின் விதியைப் பின்பற்றும். 'அவள் குளித்தாள்' என்பதனைப் பிரெஞ்சார் 'அவள் தன்னைக் கழுவினாள்' என்பர். 'தன்னை' என்பது இரண்டாம் வேற்றுமை. அது முன்னே நிற்கின்றது. ஆதலின் லவே என்னும் எச்சத்தில் ஈ சேரும். 'அவள் கைகளைக் கழுவினாள்' என்பதனையோ 'அவள் தனக்குக் கைகளைக் கழுவினாள்' என்னும் பொருள்பட அமைப்பர். இங்குச் செயப்படுபொருள் கைகள். அவை பின்னே வருகின்றன. 'தனக்கு' என்பது நான்காம் வேற்றுமை. அது இயைபைத் தராது. ஆதலின் லவே ஒன்றும் சேராது நிற்கும். அங்ஙனமே 'அவர்கள் ஒருவரோடொருவர் பேசினர்' என்பதிலும் எச்சம் திரியாது. பிரெஞ்சிற் பேசுதல் 'ஒருவருக்கு'ப் பேசுதலாகும்.

இரண்டாம் வேற்றுமையா, நான்காம் வேற்றுமையா என்னும் இவ்வினா நம் மாணவர்க்கு எளியது. ஆயினும் தமிழ் வேற்றுமையை அப்படியே பெயர்த்துக் கொள்ளலாகாது. நாம் 'எங்களுக்கு உதவினாள்' என்போம். பிரெஞ்சார் 'எங்களை உதவினாள்' என அமைப்பர். ஆதலின் அங்கு எச்சம் பன்மைக்குரிய எஸ் பெறும். மறுதலையாக, 'தொலைபேசியில் அவளை அழைத்தாள்' என்போம். தெலெஃபோனே என்னும் பிரெஞ்சு வினை நான்காம் வேற்றுமைக்கு ஒப்பாகிய ஆ என்னும் முன்னிடைச் சொல்லைக் கொள்ளும். ஆதலின் இயைபு இல்லை. ஐயம் வந்துழி அகராதியில் அவ்வினை அம்முன்னிடைச் சொல்லொடு வருகின்றதா எனக் காண்க.

அவுவார் விதி பேச்சிற் பிறந்ததன்று. இத்தாலிய மொழியை முன்மாதிரியாகக் காட்டி, புலவர் கிளெமான் மரோ 1538இல் இதனைப் பாவில் உரைத்தார். 1990இன் எழுத்துத் திருத்தம், 'விடுதல்' எனப் பொருள்படும் வினையின் எச்சம் மற்றொரு வினையின் முன் வரும்போது திரியாது நிற்கலாம் என ஒரு சிறு தளர்வு தந்தது. 2018இற் பெல்ஜியத்து ஆசிரியர் இருவர் அவுவாரோடு வரும் எச்சத்தை எப்பொழுதும் திரியாது விடலாம் என வாதிட்டனர். ஆயினும் பள்ளியில் விதி இன்றும் கேட்கப்படுகின்றது.

பயிற்சித்தாள்களின் ஒரு குறை ஈண்டுக் கூறத்தக்கது. பெரும்பாலான தாள்கள் 'நான், நீ, அவன், அவள்' என்று இடப்பெயர்களை நிரைப்படுத்தி வெற்றிடத்தை நிரப்பச் சொல்வன. அத்தகைய நிரையில் எழுவாய் மட்டுமே மாறும். செயப்படுபொருள் ஒருபோதும் முன்னே வாராது. அதனாற் பிள்ளை எத்ர் விதியைக் கற்கும். அவுவார் விதியைக் காணவே காணாது. வீட்டிற் பயிற்றுவோர் மேற்காட்டிய நான்கு வரிகளைப் போன்று, ஒரே வினையை இடம் மாற்றி எழுதித் தருவாராக. ஒவ்வொரு வரிக்கும் பிள்ளை விடையோடு மூன்று சொற்களை ஓரத்தில் எழுதட்டும்: துணைவினை எது, செயப்படுபொருள் எது, அது முன்னா பின்னா. விடை பிழைத்தால், இம்மூன்றில் எது பிழைத்தது என்பது அவ்வோரக் குறிப்பிலேயே தெரியும். திருத்த வேண்டியதும் அதுவொன்றே.