0.5 என்று வைத்தால் பாதிப் படம் மிஞ்சுமா?

ஒரு போட்டோவைக் கொடுத்து, அதையே ஓவியமாகவோ சினிமா ஸ்டில்லாகவோ மாற்றித் தரும் மென்பொருள்களில் ‘ஸ்ட்ரெங்த்’ என்றொரு ஸ்லைடர் இருக்கும். 0-இலிருந்து 1 வரை நகரும். அதைப் பற்றிப் பரவியிருக்கும் நம்பிக்கைகளில் முதலாவது, 0.5-இல் நிறுத்தினால் பாதி அசல், பாதி புதிது என்பது.

உண்மையில் நடப்பது வேறு. மென்பொருள் முதலில் போட்டோவின் மேல் தாறுமாறான புள்ளிகளை, அதாவது இரைச்சலைத் தூவுகிறது. பிறகு, நாம் எழுதிக் கொடுத்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்குகிறது. எவ்வளவு தூவுவது என்பதைத்தான் ஸ்ட்ரெங்த் சொல்கிறது. ஆனால் அந்த அளவு சீராக ஏறுவதில்லை. 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனின் கணக்கைப் போட்டுப் பார்த்தால், 0.3-இல் கலவையில் போட்டோவின் பங்கு ஏறத்தாழ 59 சதவீதம். 0.5-இல் அது 28 ஆகிறது. 0.75-இல் வெறும் 6. ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்கப் பலரும் பயன்படுத்தும் AUTOMATIC1111 திறக்கும்போதே 0.75-இல்தான் நிற்கிறது. ஸ்லைடரைத் தொடாமல் பொத்தானை அழுத்துகிறவருக்கு அசல் படத்தில் கிடைப்பது அந்த 6 சதவீதம்தான்.

எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைவிட எது மிஞ்சுகிறது என்பது முக்கியம். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். பின்னால் மலைத்தொடர், அதற்கு முன் தென்னைகள், தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய கடைப் பலகை, அதன் கீழே நிற்கும் ஒரு பாட்டி. இரைச்சல் முதலில் விழுங்குவது நுணுக்கங்களை. 0.5-இல் வானத்தின் வெளிச்சம், மலையின் கோடு, தென்னை நிற்கும் இடம், பாட்டியின் சேலை நிறம் இவையெல்லாம் பெரும்பாலும் தப்பிவிடும். பலகையின் எழுத்தும் பாட்டியின் மூக்குத்தியும் கண்ணோரச் சுருக்கமும் தப்பாது. அந்த இடங்களை மென்பொருள் தான் பழகிய படங்களிலிருந்து இட்டு நிரப்பும். மொத்தப் படமும் அதே படம் போலத் தெரிவதால், முகம் வேறொருவருடையது என்பது பார்க்கிறவருக்கு உறைப்பதில்லை. வீட்டில் அந்தப் பாட்டிக்கு இருப்பது இந்த ஒரே படம் என்றால் அது சின்ன இழப்பில்லை.

2023 ஜூலையில் அமெரிக்காவில் ஆசிய வம்சாவளி எம்.ஐ.டி. மாணவி ஒருவர், தன் போட்டோவை வேலைக்கான தளத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும்படி பிளேகிரவுண்ட் ஏ.ஐ.யிடம் கொடுத்தார். திரும்பி வந்த படத்தில் நிறம் வெளுத்து, கண்கள் நீலமாக இருந்தன. அசலின் பிடி தளர்ந்த இடத்தில், பழக்கத்தில் அதிகம் பார்த்த முகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

‘அப்படியானால் 0.1-இல் வைத்தால் ஆபத்தில்லை’ என்பது அடுத்த நம்பிக்கை. இதுவும் முழு உண்மையில்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போட்டோவை அப்படியே கையாளுவதில்லை. 512-க்கு 512 புள்ளிகள் கொண்ட படத்தை 64-க்கு 64 கட்டங்களாகச் சுருக்கி, கட்டத்துக்கு நான்கு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, கடைசியில் மறுபடி விரிக்கிறது. ஒரு கட்டம் என்பது அசலில் 8-க்கு 8 புள்ளிகள். பலகையில் ஓர் எழுத்து 10 புள்ளி உயரம் என்றால் அது ஒரு கட்டத்துக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும். ‘ழ’வின் சுழியும் மலையாள எழுத்தின் வளைவும் அங்கேயே குழம்பிவிடும். 40 புள்ளி உயர முகத்துக்கு உயரத்தில் கிடைப்பது ஐந்து கட்டம். இரைச்சல் ஒரு துளிகூடத் தூவாமல் சுருக்கி விரித்தாலே இந்தச் சேதம் வரும். முகத்தை மட்டும் வெட்டி, பெரிதாக்கிக் கொடுத்தால் சேதம் குறையும்.

எண் எல்லா இடத்திலும் ஒரே பொருள் தரும் என்று நம்பியும் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷனை வெளியிட்ட ஸ்டெபிலிட்டி நிறுவனத்தின் பழைய சேவையில் `image_strength` 1-ஐ நெருங்கினால் அசல் அப்படியே இருக்கும். அதே நிறுவனத்தின் புதிய சேவையில் `strength` 1 என்றால் படமே கொடுக்காத மாதிரி. 2025 மார்ச்சில் கிப்லி பாணிப் படங்களைப் பரப்பிய சாட்ஜிபிடியில் இப்படியொரு ஸ்லைடரே கிடையாது.

முகம் மாறவே கூடாது என்றால், முகத்தை விட்டுவிட்டு மற்ற பகுதியை மட்டும் மாஸ்க் போட்டு வரைய வைப்பதுதான் வழி. அப்போதும் முழுப் படமும் அந்தச் சுருக்கி விரிக்கும் வழியாகத்தான் போய் வருகிறது. எனவே அசல் முகத்தை மேலே மறுபடி ஒட்ட வேண்டும். AUTOMATIC1111 இதைத் தானே செய்துவிடும். எல்லா மென்பொருளும் செய்வதில்லை. சோதிப்பது எளிது. ஃபோட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ அசலையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் லேயரை Difference-க்கு மாற்றினால் போதும். மாறாத இடம் முழுக் கறுப்பாகத் தெரியும். முகம் இருக்கும் இடத்தில் சாம்பல் கோடுகள் தெரிந்தால், அங்கே இருப்பது பழைய முகம் அப்படியே இல்லை.