கைவிரல் மூட்டுகளில் தோன்றும் கருமை

வெயிலிலும் சேற்றிலும் உழைப்பவர்களின் கைகள் கறுத்திருப்பது இயல்பு. ஆகையால் நம் சிற்றூர்களில் ஒருவருடைய கை முன்னைவிடக் கறுத்துவிட்டது என்றால் அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் ஒருவகைக் கருமை உழைப்பினால் வருவதன்று. அது விரல் மூட்டுகளின் மேற்புறத்திலும், உள்ளங்கை ரேகைகளிலும், விரல் நுனிகளிலும் படிந்து நிற்கும். அதனுடன் தீராத அசதியும் சேர்ந்திருக்குமானால், ‘வைட்டமின் பி-12’ என்னும் உயிர்ச்சத்து உடலில் குறைந்துவிட்டதோ என்று நாம் ஐயுறுதல் வேண்டும். அந்த ஐயத்தைத் தீர்க்க இரத்தப் பரிசோதனை எவ்வளவு தூரம் உதவும் என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் இருவகைக் கருமையையும் வேறுபடுத்திப் பார்க்கக் கற்றுக்கொள்வோம். வெயிலால் வரும் கருமை புறங்கை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும்; துணி மறைத்த இடத்தில் அது நின்றுவிடும்; உள்ளங்கையை அது தொடுவதில்லை. சத்துக் குறைவால் வரும் கருமையோ இரண்டு கைகளிலும் ஒத்த அளவில் இருக்கும். மூட்டின்மேல் மிகுந்தும் மூட்டுகளுக்கு இடையில் குறைந்தும் காணப்படும். உள்ளங்கை ரேகைகள் மையினால் கோடிட்டாற்போல் தோன்றும். கால் விரல்களிலும் பாதத்திலும், சிலருக்கு நாக்கிலும்கூட இக்கருமையைக் காணலாம். பிறவியிலேயே கருநிறம் உடையவர்களுக்கு ரேகைகள் சற்றே கறுத்திருப்பது வழக்கமாதலால், “இது எப்போது முதல் இருக்கிறது?” என்று கேட்பது இன்றியமையாதது. சில மாதங்களுக்குள் புதிதாகத் தோன்றியது என்றால்தான் அது கவனத்திற்குரிய அடையாளம்.

இந்த அடையாளத்தை மருத்துவ உலகிற்கு எடுத்துக்காட்டிய பெருமையில் நம் மாநிலத்திற்கும் பங்கு உண்டு. தாய்ப்பாலை மட்டுமே உண்டு வந்த சில குழந்தைகள் சோகையுற்று, தோல் கறுத்து, கற்ற செயல்களையும் மறந்து, கைகால் நடுக்கமும் கொண்டிருந்ததை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1962ஆம் ஆண்டில் விவரித்து எழுதினர். அக்குழந்தைகளின் அன்னையரிடத்திலேயே பி-12 குறைவாயிருந்தது. மறு ஆண்டில், அதாவது 1963இல், அக்கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் பேக்கரும் அவருடன் பணியாற்றியோரும், பெரியவர்களின் கைகால்களில் தோன்றும் இக்கருமை பி-12 குறைவின் அடையாளம் என்றும், அச்சத்தைக் கொடுத்தால் கருமை மறையும் என்றும் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ ஏட்டில் வெளியிட்டனர்.

பி-12 சத்தைத் தாவரங்கள் உண்டாக்குவதில்லை. கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் அதனை எதிர்பார்க்க இயலாது. பால், முட்டை, மீன், இறைச்சி, ஈரல் ஆகியவற்றின் வாயிலாகவே அது நமக்குக் கிடைக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது சுமார் 2 மைக்ரோகிராம்தான். அரை லிட்டர் பாலில் ஏறக்குறைய இவ்வளவு இருக்கும். உடல் இச்சத்தை ஈரலில் பல ஆண்டுகளுக்குச் சேமித்து வைப்பதால், உணவில் அது நின்றுபோன பின்னரும் நோய் உடனே தோன்றுவதில்லை. அதனாலேயே காரணத்தையும் நோயையும் இணைத்துப் பார்க்க நம்மவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். 44 வயதுள்ள ஓர் அம்மையார். இரண்டு கறவைப் பசுக்களை வைத்துப் பிழைப்பவர். கணவர் மறைந்த பின் எட்டு ஆண்டுகளாக இறைச்சியையும் முட்டையையும் விட்டுவிட்டார். பால் முழுவதும் காலையிலும் மாலையிலும் கூட்டுறவுச் சங்கத்திற்குப் போய்விடும். தமக்கென அவர் வைத்துக்கொள்வது கடுங்காப்பி. ஓராண்டாகவே அவருக்கு அசதி. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கிற்று. விரல் மூட்டுகள் கறுத்தபோது, புதிய சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றனர் அக்கம்பக்கத்தார். பிறகு பாதங்கள் மரத்தன. காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே பத்தடி நடந்துவிடுவார். இரத்தம் குறைவு என்று எவரோ சொல்லக் கேட்டு, இரும்புச்சத்து மாத்திரையை மூன்று மாதம் உண்டும் பயன் விளையவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருடைய இரத்த அணுக்கள் எண்ணப்பட்டன. ஹீமோகுளோபின் 7.8 கிராம். அவர் வயதுப் பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். எனவே சோகை உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் எவ்வகைச் சோகை என்பதை இந்த ஓர் எண் கூறாது. அதே சீட்டில் ‘எம்.சி.வி.’ என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் குறிப்பது அது. இயல்பாக அது 80 முதல் 100 வரை இருக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் அணுக்கள் சிறுத்து, எண் 80க்குக் கீழே இறங்கும். பி-12 குறைந்தால் அணுக்கள் முறையாகப் பிரிய முடியாமல் பருத்து, எண் 100க்கு மேலே ஏறும். அம்மையாருக்கு அது 112. இரும்பு மாத்திரை பயன்படாமற்போனதற்குக் காரணம் இதிலேயே விளங்குகிறது. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்த்தபோது, முட்டை வடிவப் பெருஞ்சிவப்பணுக்களும், ஆறு மடல்களாகப் பிரிந்த உட்கருவுடைய வெள்ளையணுக்களும் தென்பட்டன. இத்தகைய வெள்ளையணு பி-12 அல்லது போலிக் அமிலக் குறைவுக்கு நல்ல சான்று.

ஆயினும் இங்கே ஒரு மயக்கம் நேரக்கூடும். பி-12, இரும்பு ஆகிய இரண்டும் ஒருங்கே குறைந்திருந்தால், ஒன்று அணுவைப் பருக்கச் செய்யும். மற்றொன்று சிறுக்கச் செய்யும். முடிவில் சராசரி 90 என்று வந்து, ‘இயல்பு’ எனக் காட்டும். ஆதலால் கருமையும் மரப்பும் இருக்கும்போது எம்.சி.வி. சரியாக இருக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் மன அமைதி கொள்ளலாகாது. சோகையே இல்லாமல் நரம்பு மட்டும் கெடுவதும் உண்டு.

அடுத்து இரத்தத்திலுள்ள பி-12 அளவையே நேரே அளப்பது. பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்றும், 200 முதல் 300 வரை ஐயத்திற்குரியது என்றும் கொள்வர். அம்மையாருக்கு 96, எனவே ஐயத்திற்கு இடமில்லை. ஐயத்திற்குரிய அளவு வந்தால், ‘மெத்தில்மலோனிக் அமிலம்’, ‘ஹோமோசிஸ்டீன்’ என்னும் இரு பொருள்களைப் பெரிய ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்ப்பார்கள். பி-12 குறைந்தால் இரண்டும் உயரும். போலிக் அமிலம் மட்டும் குறைந்தால் ஹோமோசிஸ்டீன் மட்டுமே உயரும். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு வேறு காரணமின்றியே இவை உயரக்கூடும் என்பதையும் நினைவில் வைத்தல் நலம். மற்றொன்று: ஊசியோ மாத்திரையோ தொடங்கு முன்னரே இரத்தம் எடுத்தல் வேண்டும். ‘சத்து ஊசி’ ஒன்றைப் போட்டுக்கொண்டு மறுநாள் பரிசோதனைக்குச் செல்பவர்களுக்கு அளவு உயர்ந்து காட்டும், உண்மை மறைந்துவிடும்.

எச்சரிக்கையாகக் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பி-12 குறைந்தவருக்குப் போலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்தால், சோகை ஓரளவு தேறும், முகமும் தெளியும். ஆனால் நரம்பின் கேடு உள்ளூரத் தொடரும். நடை தள்ளாடிய பின்னரே அது வெளிப்படும். நெடுநாள் பழுதுற்ற நரம்பு முற்றிலும் குணமாவது அரிது. இதைக் கொண்டு கருவுற்ற தாய்மார்கள் தமக்குத் தரப்படும் இரும்பு–போலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடலாகாது. கையில் கருமையும் காலில் மரப்பும் உடையவர்கள் அதைச் செவிலியரிடம் எடுத்துக்கூறி, பி-12 அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் பொருள்.

உள்ளங்கை ரேகையின் கருமை எல்லாம் பி-12 குறைவே என்று முடிவு செய்வதும் தவறாகும். அட்ரினல் சுரப்பி குன்றும் அடிசன் நோயிலும் இதே இடங்கள் கறுக்கும். அந்நோயில் உடல் மெலியும்; எழுந்து நின்றால் தலை சுற்றும்; உப்பின்மேல் வேட்கை மிகும்; ஈறுகளும் கறுக்கும். காலையில் எடுத்த இரத்தத்தில் ‘கார்ட்டிசால்’ அளவைப் பார்த்து மருத்துவர் அதனை ஆராய்வார். இது உயிருக்கே ஊறு செய்யவல்ல நோயாதலால், கருமையைக் கண்டதும் கடையில் ஊசி வாங்கிப் போட்டுக்கொள்வது பெரும் பிழை. மற்று, பிடரியிலும் அக்குளிலும் விரல் மூட்டிலும் வெல்வெட்டுத் துணிபோல் தடித்துக் கறுப்பது பெரும்பாலும் உடற்பருமனோடும் சர்க்கரை நோயோடும் தொடர்புடையது. அதற்குச் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.

அம்மையாருக்கு 1,000 மைக்ரோகிராம் பி-12 ஊசி ஒருநாள் விட்டு ஒருநாளாக இரண்டு வாரமும், பின்னர் வாரம் ஒன்றாக ஒரு மாதமும், அதன்பின் மாதம் ஒன்றாகவும் போடுமாறு மருத்துவர் பணித்தார். முதல் வாரத்திலேயே பசி எடுத்தது. ஏழாம் நாள் பரிசோதனையில் இளஞ்சிவப்பணுக்கள் பெருகியிருந்தன. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு முதற்சான்று இதுவே. இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12ஐ எட்டியது. மூன்றாம் மாதத்தில் விரல் மூட்டுகள் வெளுக்கத் தொடங்கின. பாதத்தின் மரப்பு மட்டும் ஆறு மாதம் கழிந்தும் சிறிது எஞ்சியிருந்தது. கால் மரப்பதற்கு முன்பே, விரல் கறுத்தபோதே பரிசோதித்திருந்தால் அதுவும் எஞ்சியிராது.

உணவுக் குறைவினால் வந்த நோய்க்கு உணவே நிலையான மருந்து. ஆனால் வயிற்றின் சுரப்பு குன்றிய முதியோர், சர்க்கரை நோய்க்கு ‘மெட்பார்மின்’ மாத்திரையைப் பல ஆண்டுகள் உண்பவர், அமிலத்தைத் தணிக்கும் மாத்திரையை நெடுநாள் உண்பவர் ஆகியோருக்கு உணவில் சத்து இருந்தும் உடல் அதனை ஏற்பது குறையும். அவர்களுக்கு எத்தனை காலம் ஊசி அல்லது மாத்திரை வேண்டும் என்பதை மருத்துவரே வரையறுக்க வேண்டும். அம்மையாரைப் போன்றவர்களுக்கோ வழி வீட்டிலேயே இருக்கிறது. பால் கணக்குச் சீட்டில் ஏறும் அளவில் நாளொன்றுக்கு அரை லிட்டர் குறையட்டும்; அந்த அரை லிட்டர், பால் கறந்த கைக்கே உணவாகட்டும்.