வெற்றுச் சொல்லில் தொடங்கும் பாட்டு

மெட்டு முன்னே பிறந்து சொல் பின்னே வருவது திரைப்படத்தார் கண்ட புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் கள்ளக்குறிச்சிக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலையில் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பதிப்புகளைப் புரட்டினால், பல பாடல்களின் தலைப்பில் ‘தன, தான, தந்த, தத்த’ என்னும் பொருளற்ற ஒலிகள் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அவையே அப்பாடல்களின் சந்தக் குழிப்பு. அதே சந்த நெறியில் நபிகள் நாயகத்தின் மீது காயல்பட்டினத்து வரகவி காசிம் புலவர் ஒரு திருப்புகழ் பாடினார். பொருள் முற்றிலும் வேறாயினும் சந்த அச்சு நிலைத்து நிற்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இன்றைய பாடலாசிரியர் ‘தனனா’வோடு நிற்பதில்லை. வாய்க்கு வந்த சொற்களை மெட்டின்மேல் இட்டுப் பாடிப் பார்க்கின்றனர். இதனை அவர்கள் ‘டம்மி’ என்பர். 1965இல் வெளிவந்த ‘யெஸ்டர்டே’ என்ற ஆங்கிலப் பாட்டின் மெட்டுக்குப் பால் மெக்கார்ட்னி முதலில் முட்டைப் பொரியலின் பெயரைத்தான் இட்டுப் பாடி வந்தார். ஆங்கிலத்தில் அப்பெயருக்கும் பின்னர் வந்த சொல்லுக்கும் மூன்று அசைகளே! தனனா நீளத்தை மட்டும் காட்டும். சொல்லோ எங்கே மூச்சு முறிகிறது, எங்கே வாய் திறந்து நிற்கிறது என்பதையும் காட்டிவிடும். வெற்றுச் சொல்லின் பயன் இதுவே.

கல்வராயன் மலையில் பிறந்து கள்ளக்குறிச்சிப் பகுதிக்கு வரும் கோமுகி ஆற்றைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும் எனக் கொள்வோம். மெட்டின் அச்சு இது:

தானா தனனா தானா தனனா
தானா தந்தன தானா

குறில் ஒன்று, நெடில் இரண்டு, ஒற்றடுத்த குறிலும் இரண்டு எனக் கணக்கிட்டால் ஒவ்வொரு துண்டும் நான்கு மாத்திரை பெறும். (யாப்பில் ஒற்றுக்கு அரை மாத்திரை, பாட்டின் கணக்கு வேறு.) இரண்டாம் அடியின் இறுதி ‘னா’ மேலும் நான்கு மாத்திரை நீண்டு ஒலிக்கும். இதன்மேல் வெற்றுச் சொற்களை இடுவோம்:

சோறா பழமா வேணும் மகனே
வாடா தின்பது யாரோ

பொருள் நகைப்புக்குரியது, ஓசையில் குறையில்லை. இனி மாற்றுவோம். தொடக்கத்திலேயே மலையின் பெயரை வைக்க மனம் விழைகிறது. ‘கல்வராயன்’ ஏழு மாத்திரை. ‘தானா தனனா’வின் எட்டில் அதனை அடக்க முயன்றால், ‘கல்வா’ என வகரம் நீண்டு, ‘ராயன்’ தனியே பிரிந்து நிற்கும். சீருக்காகச் சொல்லை இவ்வாறு பிளப்பதை யாப்பிலக்கணத்தார் வகையுளி என்பர். ஏட்டில் கண் அதனைச் சேர்த்துப் படித்துவிடும். செவிக்கோ அத்தகைய வாய்ப்பில்லை. எனவே மலையின் பெயரை விடுவதே நேர்.

‘கோமுகி’யோ நான்கே மாத்திரை. எனினும் ‘தானா’ இருக்குமிடத்தில் வைத்தால் ‘கோமூ’ என்றாகும். கூட்டுத்தொகை ஒத்தாலும் நெடிலும் குறிலும் நிற்கும் வரிசை ஒவ்வவில்லை. மாணவர் பெரிதும் தவறுவது இவ்விடத்தில்தான். நெடிலொன்று, குறிலிரண்டு என்னும் வரிசைக்கு இணையான இடம் ‘தந்தன’. ஆகவே ஆற்றின் பெயர் இரண்டாம் அடியின் நடுவே போய் அமர்கிறது. வண்ணப் பாடலில் மெல்லொற்றின் இடத்தில் நெடில் வருவது குற்றம். இசைப்பாட்டில் அது செல்லும்.

இறுதிச் சொல்லுக்கு ‘ஊற்று’ என்றால்? குற்றியலுகரத்தை ஆறு மாத்திரைக்கு இழுக்க முடியாது. பாடுவோர் ‘ஊற்றூ’ என்பர். நீளும் இடத்தில் நெடிலோ, மூக்கில் ஒலித்து நிற்கும் மெல்லொற்றோ வேண்டும். எனவே:

மேலே முகிலாய்க் கீழே வயலாய்
மாறும் கோமுகி நீரே

‘முகிலாய்க்’ என்பதில் மிகும் ககர ஒற்று ஓசையைச் சற்றே தடுக்கிறது. எழுத்தில் அதனை விடலாகாது. பாடுவோர் மென்மையாக்கிக் கொள்வர்.

இன்னொரு இடர் உண்டு. வெற்றுச் சொல்லைப் பலநாள் பாடினால் அதன் தொனி மெட்டோடு ஒட்டிக்கொள்கிறது. நம் வெற்றடி வினாவாகத் தொடங்கியதால் பாடுவோர் குரலை உயர்த்திப் பழகியிருப்பர். புதிய அடியில் வினா இல்லை. ‘மேலே’ என்பதையும் அவ்வாறே கேள்விபோல் உயர்த்திப் பாடினால் பொருள் தடுமாறும். ஆதலால் புதிய சொற்களை முதலில் மெட்டின்றி உரைநடையாக ஒருமுறை வாசித்து, பின்னரே பாடவேண்டும். வாசிப்பில் குரல் தாழுமிடத்தில் மெட்டு மேலே ஏறினால் அங்கே வேறு சொல்லைத் தேடுவதே முறை.