ஒற்றைக் கதவு வீட்டில் இரண்டாவது வழி

2023 அக்டோபர் 6 அதிகாலை மூன்று மணியளவில், மும்பை கோரேகாவ் மேற்கில் ஜெய் பவானி என்ற எஸ்.ஆர்.ஏ. கட்டிடத்தின் தரைத்தளத்தில் தீப்பிடித்தது. அங்கே நிறுத்தியிருந்த வண்டிகளும் துணிமூட்டைகளும் எரிந்தன. புகை மாடிகளுக்கு ஏறியது. குறைந்தது ஏழு பேர் இறந்தார்கள். மறு ஆண்டு அதே தேதியில் செம்பூர் சித்தார்த் காலனியில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த இடத்தில் அதிகாலைத் தீ ஒரே குடும்பத்தில் ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. தாராவியின் எஸ்.ஆர்.ஏ. கட்டிடங்களிலும், கீழே பட்டறை மேலே குடித்தனம் என்றிருக்கும் வீடுகளிலும் இதே அமைப்புத்தான். அப்படிப்பட்ட வீட்டில் இரண்டாவது வழியைத் திட்டமிட்டு ஒத்திகை பார்ப்பது இப்படி:

1. படிக்கட்டை ஒரு வழி என்று மட்டும் கணக்கிடுங்கள். மீட்டர் பெட்டிகளும் பைக்குகளும் பெரும்பாலும் அதன் அடியில்தான் இருக்கின்றன. அங்கே தீப்பிடித்தால் படிக்கட்டு புகைபோக்கியாகிவிடும். இரண்டாவது வழி அந்தப் படிக்கட்டை நம்பாததாக இருக்க வேண்டும். உயரமான புதிய கட்டிடங்களில் இரண்டாவது படிக்கட்டு இருக்கும். அதில் ஒருமுறை குடும்பத்தோடு கீழே வரை நடந்து பாருங்கள். நடுவில் பூட்டிய கதவோ, அடுக்கிய தட்டுமுட்டுச் சாமானோ இருந்தால் சொசைட்டியிடம் சொல்லி அகற்றவையுங்கள். லிஃப்ட் எந்தக் கணக்கிலும் வராது.

2. ஒரே படிக்கட்டு உள்ள கட்டிடத்தில் இரண்டாவது வழி ஜன்னல். கிரில்லில் ஒரு பகுதியைக் கீல் வைத்துத் திறக்கும்படி வெல்டரிடம் செய்யச் சொல்லுங்கள். இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம் இருந்தால் பெரியவரும் நுழையலாம். பூட்டைவிட உள்ளிருந்து இழுக்கும் தாழ்ப்பாள் நல்லது. சிறுபிள்ளைகள் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். உயர மாடியில் இது குதிப்பதற்கல்ல. காற்றுக்கும், குரல் கொடுப்பதற்கும், தீயணைப்பு வீரர் உங்களை வெளியே எடுப்பதற்கும்தான். பெரிய ஏணி வண்டி குறுகிய சந்துக்குள் நுழையாது. அதனால் இரண்டு ஜன்னல் இருக்கும் வீட்டில் சாலையைப் பார்த்ததைத் தேர்ந்தெடுங்கள்.

3. மொட்டை மாடி திறந்திருக்கும் என்று நம்பி மேலே ஓடாதீர்கள். புகை அங்கேதான் போய்ச் சேரும். கதவு பூட்டியிருந்தால் திரும்பி இறங்கவும் முடியாது.

4. வாசலை இரவுக்குத் தயார் செய்யுங்கள். ஒற்றை அறையில் பாய் விரித்தால் கதவுவரை ஆள் படுத்திருக்கும். இரண்டு பாதம் வைக்கும் அளவு வழி விட்டுப் படுங்கள். சேஃப்டி டோரின் சாவி கதவுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியில், டார்ச்சும் அங்கேயே. புகை வாசனை தூங்குகிறவரை எழுப்பும் என்பது தவறான நம்பிக்கை. பேட்டரியில் ஓடும் புகை அலாரம் ஒன்றைக் கூரையில், அடுப்பிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

5. ஒத்திகையை முதலில் பகலில் செய்யுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை இரவு, எல்லோரும் படுத்துக் கொஞ்ச நேரம் ஆனபின், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். பிள்ளைகள் பலர் அந்தச் சத்தத்துக்கு எழமாட்டார்கள்; யார் யாரை எழுப்புவது என்று முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் அவர் இல்லாத ஏற்பாடே உண்மையான ஏற்பாடு: அம்மா சின்னவளைத் தூக்குகிறார், பெரியவன் ஆச்சியின் கையைப் பிடிக்கிறான், சாவி அம்மாவிடம். பை, நகை, பத்திரம் எதற்கும் கை நீளக்கூடாது. செல்போனில் நேரம் பாருங்கள். வாசலைத் தாண்ட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால், பெரும்பாலும் சாவியோ படுக்கையோதான் காரணம்.

6. கதவைத் திறக்கும் முன் புறங்கையால் அதன் மேற்பகுதியைத் தொடவும் கீழ் இடுக்கைப் பார்க்கவும் எல்லோருக்கும் பழக்குங்கள். கதவில் சூடும் இடுக்கில் புகையும் இல்லையென்றால் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். சாத்திய கதவு தீயைத் தாமதப்படுத்தும். வழியில் லேசான புகை மட்டும் என்றால் குனிந்து, தவழ்ந்து போக வேண்டும். ஈரத்துணி மூக்கில் வைத்தாலும் நச்சு வாயு உள்ளே போகும், அதை நம்பித் தடித்த புகைக்குள் இறங்காதீர்கள்.

7. கதவு சூடாக இருந்தாலோ, வராந்தா புகையால் நிறைந்திருந்தாலோ உள்ளேயே இருப்பதுதான் வழி. இதையும் ஒத்திகை பாருங்கள்: டிரம் தண்ணீரில் போர்வையை நனைத்துக் கதவிடுக்கில் திணிப்பது, ஜன்னலைத் திறப்பது, 101-க்கு அழைத்துக் கட்டிடத்தின் பெயர், மாடி, அறை எண், பக்கத்து அடையாளம் சொல்வது, டார்ச்சை ஜன்னலில் ஆட்டுவது. பத்து வயதுப் பிள்ளையும் அந்த முகவரியைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும்.

8. வெளியே வந்தால் நிற்க ஓரிடம் வேண்டும். தீயணைப்பு வண்டி வரும் வழியை விட்டுத் தள்ளி, தெருமுனைக் கோயில் வாசல் போல எல்லோருக்கும் தெரிந்த இடமாக இருக்கட்டும். ஆள் குறைந்தால் தீயணைப்பு வீரர்களிடம் சொல்லுங்கள். யாரும் திரும்ப ஏறக்கூடாது.

9. ஊரிலிருந்து விருந்தினர் தங்கினாலும், படுக்கும் இடம் மாறினாலும் மறுபடி ஒருமுறை செய்து பாருங்கள். மழைக்காலத்தில் ஜன்னலுக்குக் கட்டும் நீல பிளாஸ்டிக் ஷீட்டைத் தாழ்ப்பாளின் மேல் கட்டாதீர்கள். ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போடுங்கள்.